கையெழுத்துப் போடாத வாரம்

கெஸ்ட் ஹவுஸை மூடப் போகிறார்கள் என்பது முதலில் அவளுக்குத்தான் தெரிந்தது. எதுவும் முதலில் அவளுக்குத்தான் தெரியும். நான் அடுப்படியில் நிற்பவள். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்ப் பரிமாறுகிறவள். சாப்பிடுகிறவர்கள் பேசுவதெல்லாம் அவள் காதில்தான் விழும்.

சுரங்கத்து இயந்திரங்களைப் பழுது பார்க்கும் தனியார் கம்பெனி ஒன்று நெய்வேலி டவுன்ஷிப்பில், எங்கள் வட்டத்தில், அதாவது எங்கள் பிளாக்கில், ஒரு குவார்ட்டர்ஸை வாடகைக்கு எடுத்து, வெளியூர் இன்ஜினியர்கள் தங்குவதற்கு வைத்திருந்தது. அங்கே சமையலுக்கு நாங்கள் இருவர். இருபது வருஷம் வேலை பார்த்தோம். அவள் என்னைவிட எட்டொன்பது வயது சின்னவள், பண்ருட்டியிலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த முஸ்லிம் பெண். என்னை அக்கா என்பாள்.

மீன் குழம்பு நான் வைப்பேன். "யாரும்மா வச்சது, பிரமாதம்" என்று மேஜையில் யாராவது கேட்பார். அவள் சிரிப்பாள். பொய் சொல்லமாட்டாள், "உள்ள அக்கா வச்சது" என்றுதான் சொல்வாள். ஆனாலும் கேட்டவர் கண் அவள் முகத்தில்தானே இருக்கும். தீபாவளிக்குப் புடவை கொடுக்கும்போது அவளுக்கு நல்ல நிறமாகப் போகும். எனக்குப் பழுப்பில் ஒன்று வரும். எனக்கு அது பிடித்த நிறம் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். வெளியே வந்து எனக்கு வேண்டியதைச் சொல்ல என்னால் ஆகாது. ஆம்பிளைகள் நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் நுழைந்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுதுவேன். பேச்சுதான் வராது.

கம்பெனிக்கும் எங்களுக்கும் ஏற்கெனவே ஒரு வழக்கு இருந்தது. முதல் ஒன்பது வருஷம் எங்களுக்கு வவுச்சரில்தான் சம்பளம். அதற்குப் பிறகுதான் பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, பி.எஃப். பிடித்தார்கள். கிராஜுவிட்டி கணக்குப் போடும்போது பதிவேட்டில் உள்ள பதினொரு வருஷத்தை மட்டும் எடுப்போம் என்றார்கள். மைன்ஸில் வேலை செய்து ரிட்டயரான சங்கத்துக்காரர் ஒருவர், எங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாக மனு எழுதி, கடலூர் லேபர் ஆபீஸில் போட்டுக் கொடுத்தார். கிராஜுவிட்டி என்பது ஒரு வருஷத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம். ஒன்பது வருஷம் போனால் எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய காசு.

இந்த நேரத்தில் கம்பெனிக்கு இங்கே கான்ட்ராக்ட் முடிந்துவிட்டது. போவதற்கு முன்னால் எல்லாக் கணக்கையும் மூடியாக வேண்டும். மேனேஜர் எங்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். முதலில் அவளை.

அரை மணி நேரம் கழித்து அவள் வந்தாள். கையில் ஒரு பழுப்பு உறை. நேராகக் கிரைண்டரிடம் போய் மாவைத் தள்ளிவிட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. அவள் முகத்தில் எப்போதும் ஏதாவது தெரியும்.

பிறகு நான் போனேன். மேனேஜர் சின்ன வயசு ஆள், மரியாதையானவர். இங்கிலீஷில் ஒரு கடிதம், அதற்குத் தமிழில் ஒரு நகல். 'பரஸ்பர சம்மதத்தின் பேரில் பணிப் பிரிவு' என்று தலைப்பு. பதினொரு வருஷத்துக்குக் கிராஜுவிட்டி, ஒரு மாத நோட்டீஸ் சம்பளம், எடுக்காத லீவுக்கு உண்டானது, அதற்கு மேல் கம்பெனி தன் விருப்பத்தில் தரும் ஒரு தொகை. இதெல்லாம் சேர்ந்து எனக்கு. அதற்குப் பதிலாக, என் சொந்த விருப்பத்தில் வேலையை விடுகிறேன், இனிமேல் கம்பெனி மேல் எனக்கு எந்தப் பாத்தியமும் கோரிக்கையும் கிடையாது, லேபர் ஆபீஸில் உள்ள மனுவைத் திரும்பப் பெறுகிறேன், தொகை எவ்வளவு என்று யாரிடமும் சொல்லமாட்டேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். யோசிக்க ஒரு வாரம் தந்தார்கள். யாரிடமும் சொல்லக் கூடாது என்பதால் தொகையை இங்கேயும் எழுதவில்லை.

"வூட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லுங்கம்மா. கட்டாயம் கெடயாது" என்றார் மேனேஜர்.

நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

"என்னாக்கா, ஒனக்கும் பரஸ்பரமா?" என்றாள் அவள். "படிச்சிப் பாத்தேன். புருஷன் பொண்டாட்டி கோர்ட்ல எழுதிக் குடுத்துக்கிற மாதிரி இருக்குது. நான் எப்ப இவுங்களக் கட்டிக்கினேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து அவள் சொன்னதில் அந்தச் சிரிப்பு போயிற்று.

"நான் கேட்டேங்க்கா. இது பத்தாது சார், கொஞ்சம் பாத்துப் போடுங்கன்னேன். யார் கிட்டயோ போன்ல பேசிட்டு ஏத்திக் குடுத்தாரு. எவ்ளோன்னு மட்டும் கேக்காத. சொல்லக் கூடாதாம்."

எவ்வளவு என்று தெரிந்திருந்தாலாவது பொறுத்துக்கொண்டிருப்பேன். கூட என்று மட்டும் தெரிந்தது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தி இட்டபோது ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு தொகை நினைத்தேன். இவ்வளவு இருக்குமோ, அதற்கு மேலோ. அவளைப் பார்க்காமல் வேலை செய்தேன். அவள் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவினாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டதற்குக் காசு. அடுப்பு வெக்கையில் நின்றதற்கு ஒன்றும் இல்லை. இப்படித்தான் ஓடிற்று என் நினைப்பு.

சங்கத்துக்காரர் வீட்டுக்குக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனேன். கண்ணாடி போட்டு முழுசாகப் படித்தார்.

"கிராஜுவிட்டி எப்படியும் ஒங்களுக்கு வர வேண்டியது. அத அவுங்க தர்றதாச் சேர்த்துக் காட்டுறாங்க. மேல குடுக்கிறதுதான் இந்தக் கையெழுத்துக்கு வெல" என்றார். "எழுதிக் குடுத்துட்டாலும் கிராஜுவிட்டி உரிமைய சட்டம் அவ்ளோ லேசா வுட்டுடாது. ஆனா பின்னால போயி கேக்கறதுக்கு நடையா நடக்கணும். பழைய ஒம்போது வருஷத்துக்கு ஒங்க கிட்ட நாலஞ்சு சம்பளச் சீட்டுதான் இருக்குது. ஜெயிக்கலாம். நாளாகும்."

"அவ என்னா செய்யறா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிய வேண்டியது அதுதான்.

"அந்தப் பொண்ணு நேத்தே வந்துச்சு. இதேதான் சொன்னேன். கைக்கு வர்றது வரட்டுங்க, கடைக்கு அட்வான்ஸ் குடுக்கணும்னுச்சு. கையெழுத்தப் போட்டுடுச்சு."

கடையா? என்னிடம் அதைச் சொல்லவே இல்லையே. எனக்குக் காது சூடாகிவிட்டது.

மறுநாளே நானும் போட்டிருக்கலாம். எனக்கு ஓடி நடந்து வழக்காடத் தெம்பு இல்லை. மகள் குறிஞ்சிப்பாடியில் இருக்கிறாள், அவள் குடும்பம் அவளுக்கு. காசு வந்தால் நல்லதுதான். ஆனால் உறையைப் பிரிப்பேன், பேனாவை எடுப்பேன், கூட வேலை பார்க்கிறவள் கணக்கில் ஏறின அந்தத் தொகை நினைவுக்கு வரும். திரும்ப மடித்து அரிசி டிரம் மேல் வைத்துவிடுவேன். குறைந்த தொகைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவளோடு நின்று சட்னி அரைக்க என் கைக்கு வராது. அதுதான் காரணம். வேறு பெரிய நியாயம் எதுவும் அப்போது என் மனசில் இல்லை.

வாரம் முடிந்தது. மேனேஜர் கூப்பிட்டார். இந்தத் தடவை பக்கத்தில் இன்னொருவர், சென்னையிலிருந்து வந்த ஆபீசர், மடியில் கம்ப்யூட்டரோடு.

"இன்னும் போடலையாம்மா?" என்றார் மேனேஜர்.

நான் உட்கார்ந்தேன். அவ்வளவுதான். அவளுக்குக் கொடுத்தது எனக்கும் வேண்டும் என்று சொல்லத்தான் போனேன். சொன்னால் அவள் வெளியே பேசிவிட்டாள் என்று ஆகும். அவளுக்குக் காசு நின்றுபோனாலும் போகலாம். அதையும் நினைத்துப் பார்த்தேன், கொஞ்ச நேரம். நிற்கட்டுமே என்றுகூட ஒரு கணம் தோன்றியது. வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். வேறு வார்த்தை வரவில்லை. மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சரி, நோட்டீஸ் சம்பளம் ரெண்டு மாசமாப் போட்டுடலாம்" என்றார் சென்னை ஆபீசர்.

நான் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தேன்.

டீ வந்தது. அவள்தான் கொண்டுவந்தாள். என் பக்கத்திலும் ஒரு டம்ளர் வைத்துவிட்டுப் போனாள்.

"அம்மா, ஏதாவது சொன்னாத்தான தெரியும்" என்றார் மேனேஜர். கெஞ்சுவது போல இருந்தது.

"இவங்களுக்குச் சங்கத்துல யாரோ நல்லாச் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்று சென்னை ஆபீசர் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. பிறகு இங்கிலீஷில் இரண்டு பேரும் பேசினார்கள். ஒரே ஒரு மனு மட்டும் பாக்கி, அதோடு ஆபீஸைக் காலி செய்ய முடியாது என்பது போலப் பட்டது. கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். கடைசியில் என் பக்கம் திரும்பினார்.

"பழைய ஒன்பது வருஷத்தையும் சேர்த்துக் கிராஜுவிட்டி போட்டுடறோம். முழு இருபது வருஷம். மேல குடுக்கிறது மொதல்ல சொன்ன மாதிரியே. இதுக்கு மேல எங்களால ஆகாது. சரியா?"

எனக்கு அப்போதுதான் குரல் வந்தது.

"அவளுக்குக் குடுத்தத விடக் கூடங்களா?"

மேனேஜர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அத நாங்க சொல்லக் கூடாதும்மா."

ஆனால் ஒன்பது வருஷக் கிராஜுவிட்டி என்றால் எவ்வளவு காசு என்று எனக்குத் தெரியும்; அவளுக்கு ஏற்றிக் கொடுத்தது அவ்வளவு இருக்காது. கடிதத்தை மாற்றி அடித்துக் கொண்டுவந்து, தமிழ் நகலையும் படித்துக் காட்டியபின் போட்டேன். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து.

கடலூரில் லேபர் ஆபீஸுக்குச் சங்கத்துக்காரர் கூட வந்தார். அங்கே ஆபீசர் ஒரு அம்மாள். கடிதத்தை வாசித்துவிட்டு, "யாராச்சும் மெரட்டிக் கையெழுத்து வாங்கினாங்களா? ஒங்க சம்மதத்துலதான போட்டீங்க?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். மனுவை முடித்துக் குறிப்பு எழுதினார். பணம் பேங்கில் ஏறிவிட்டது என்று மகள் போன் செய்து சொன்னாள். பி.எஃப். தனியாகப் பின்னால் வந்தது.

அன்றைக்கு லேபர் ஆபீஸை விட்டு வெளியே வந்ததும், "நீங்க பேசாம இருந்தே சாதிச்சிட்டீங்களே. நான்கூட அப்படி ஒக்காந்திருக்க மாட்டேன்" என்றார் சங்கத்துக்காரர். என்ன சொல்வது, நான் சாதிக்க உட்காரவில்லை என்றா?

பஸ்ஸில் வரும்போது முழுக்க நான் நினைத்துக்கொண்டு வந்தது அவளைத்தான். அவள் கேட்பாள், எவ்வளவுக்கா என்று. நான் சொல்லமாட்டேன். சொல்லக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் சொல்லாமல் இருக்கும்போது என் முகத்தில் அவள் பார்த்துக்கொள்வாள். அந்த நேரத்துக்காக மனசுக்குள் பலமுறை ஒத்திகை பார்த்தேன்.

மறுநாள் கெஸ்ட் ஹவுஸில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். அவள் பெரிய குண்டானை வைக்கோல் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"கடலூர் போய்ட்டு வந்துட்டியாக்கா?"

"வந்துட்டேன்."

"நல்லதாப் போச்சு" என்றாள். "பஸ் ஸ்டாண்டாண்ட கடையப் பேசி முடிச்சிட்டேன். காலைல இட்லி, மத்தியானம் சாப்பாடு. அட்வான்ஸ் குடுத்தாச்சு. ஒன் மீன் கொழம்பு இல்லாம எனக்குக் கடை ஓடாதுக்கா. வந்துடு. நீ உள்ள இரு, நான் வெளிய பாத்துக்கிறேன்."

நான் காத்திருந்தேன். குண்டானைக் கவிழ்த்தாள், உதறினாள், அடுத்த பாத்திரத்தை எடுத்தாள். ஒரு தடவையாவது என் முகத்தைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். கடைக்குச் சுவருக்கு என்ன பெயிண்ட், பெஞ்சு எத்தனை என்று பேசிக்கொண்டே போனாள்.

எவ்வளவு என்று அவள் கேட்கவே இல்லை. அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. எனக்கு வந்த பணத்தைவிட, கேட்காமல் இருக்க முடிகிற அந்த மனசுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது, அதுவும் அவளிடம்தான் இருந்தது.