எண்ணெய்த் தலைக்கு ஒரு கட்டணம்

ஜொகூர் பாருவில் மலாய் பேசும் பழைய சீனக் குடும்பத்துப் பெண்ணான ஒரு நோன்யா நடத்திய பெண்கள் சிகையலங்காரக் கடையில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, என் கணவர் ரயில் பாதை வேலையில் கால் முறிந்து படுத்திருந்தார். என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. தமிழ்ப் பெண்களைக் கடைக்கு அழைத்து வருவது என் பொறுப்பு. குமாஸ்தாக்களின் மனைவிமாரை விடாமல் நச்சரித்து அழைத்து வந்தேன்.

நோன்யா எதற்கும் கண்ணை மூடிக்கொண்டு விலை சொல்ல மாட்டார். ஒரு தலை எவ்வளவு நேரம் நாற்காலியைப் பிடிக்கும், சிங்கப்பூர் ஷாம்பு எவ்வளவு தீரும், அந்த ஆள் திரும்ப வருவாளா என்று மூன்றையும் பார்ப்பார். நாலு முறைக்கு முன்பணம் கட்டினால் விலை குறையும்.

எங்கள் பெண்கள் நாலு முறைக்கும் கட்டினார்கள். வெள்ளிக்கிழமைதான் வருவோம் என்றார்கள். வந்தார்கள், தலையில் எண்ணெய் சொட்டச் சொட்ட! முழுகப் போகிற தலைக்கு எண்ணெய் வைக்காமல் யார்தான் போவார்கள்? மூன்று முறை தேய்த்தும் நுரை வரவில்லை. ஷாம்பு கரைந்தது. இருந்த இரண்டு நாற்காலிகளும் மதியம்வரை காலியாகவில்லை. கூந்தலுக்கு அலை வைத்துக்கொள்ள வந்த சீனப் பெண்கள் காத்திருந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

எங்களுக்குள் பேச்சு மலாயில்தான். அன்று நோன்யா சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்; 'அலமாக்' என்றால் 'ஐயோ', 'அடெக்' என்றால் 'தங்கச்சி'.

"அலமாக், அடெக்! இவங்களால எனக்கு நஷ்டம்தான். கட்டின நாலு தடவை முடியட்டும். அப்புறம் உங்க ஆளுங்க வேணாம்."

அவர்கள் வேண்டாமென்றால் நான் எதற்கு?

அடுத்த வெள்ளிக்கிழமை, கடை திறக்குமுன் நோன்யா பின்கட்டில் தண்ணீர்த் தொட்டியருகே முக்காலியில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தார்.

"எனக்கும் எண்ணெய் வை. அப்படி என்னதான் இருக்குன்னு பாக்குறேன்."

எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்தேன். சீயக்காய் போட்டு அலசினேன். பாதியிலேயே அவருக்குக் கண் சொருகியது. எழுந்ததும் முதல் பேச்சு இதுதான்:

"இதுக்கு எதுக்கு நாற்காலி? ஷாம்பு எதுக்கு? வெறுந்தலையோட வரச் சொல்லு. எண்ணெயும் சீயக்காயும் இங்க, இந்த முக்காலியிலேயே. காய வச்சுப் பின்றதுக்கு மட்டும் நாற்காலி."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு வெள்ளிக்கிழமைக்குச் சேர்த்து அவர் புது விலை போட உட்கார்ந்தபோது, நன்றி மிகுதியில் நானே குறைத்துச் சொன்னேன்.

"முக்காலி நேரத்துக்குக் காசு வேணாம் நோன்யா. நாற்காலிதான் காலியா கிடக்குதே."

அவர் என்னை முறைத்தார்.

"நாற்காலி காலிதான். உன் கை காலியாவா இருந்துச்சு?"

அந்த மாதத்திலிருந்து முக்காலி நேரத்துக்கு வாங்கிய காசு முழுவதும் என் சம்பளத்தோடு வந்தது. என் கணவர் எழுந்து நடக்கும்வரை நாங்கள் வயிறாரச் சாப்பிட்டது அந்தக் காசில்தான்.