கூடையை விட்டுப் போனவர்கள்

தூத்துக்குடியில் முந்திரி மக்ரூனும் கருவாடும் இணையத்தில் விற்கும் ஒரு கடையில் வேலை பார்க்கிறேன். வலைத்தளத்துக்கு வருகிறவர்கள் எதைத் தொடுகிறார்கள், எதை வாங்குகிறார்கள், எந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. கடைக்காரரை நாங்கள் அண்ணாச்சி என்போம். துறைமுகத்துக்குப் போகும் சாலையில், கீழே பொட்டலம் கட்டும் கூடம், மேலே எங்கள் அறை.

ஒருநாள் அண்ணாச்சி மாடியேறி வந்து கேட்டார். "கூடையில போட்டுட்டு வாங்காமப் போறவன் எத்தன பேரு தம்பி? அத ஒரு நம்பரா எனக்குச் சொல்லு."

கேட்பதற்கு எளிதான கேள்விதான். வலைத்தளத்தில் யாராவது ஒரு பொருளைக் கூடையில் போட்டதும் அந்தக் கூடைக்கு ஓர் எண் விழும். பணம் கட்டி ஆர்டர் முடிந்தால், ஆர்டர் பதிவில் அதே கூடை எண் இருக்கும். எல்லாக் கூடைகளையும் ஒருபக்கம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் முடிந்த ஆர்டர் உண்டா என்று தேடிச் சேர்க்க வேண்டும். சேர ஆர்டர் இல்லாமல் நிற்பவைதான் கைவிடப்பட்ட கூடைகள். அவற்றை மொத்தக் கூடைகளால் வகுத்தால் விகிதம்.

ஒரு சிக்கலை முதலிலேயே கண்டுபிடித்தேன். மக்ரூனில் கருவாட்டு வாசம் ஏறிவிடும் என்று இரண்டையும் தனித்தனிப் பார்சலாக அனுப்புவோம். அதனால் ஒரே கூடை இரண்டு ஆர்டர்களாகப் பிரியும். அப்படியே சேர்த்தால் அந்தக் கூடை இரண்டு வரிகளாக வந்து மொத்தத்தைக் கெடுக்கும். ஆகவே வரிகளை விட்டுவிட்டுக் கூடைகளை எண்ணினேன். நேற்றுப் போட்ட கூடைக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது என்று, ஒரு வாரம் ஆனவற்றை மட்டுமே எடுத்தேன். பத்தில் ஏழு கூடைக்கு ஆர்டர் இல்லை என்று வந்தது.

அண்ணாச்சிக்கு முகம் வாடிவிட்டது. "ஏழு பேரு ஓடிப் போறானா? புடிச்சு இழுக்கணும்லா!"

விட்டுப்போனவர்களுக்கு, கூடை போடும்போது அவர்கள் தந்த எண்ணில், வாட்ஸாப்பில் நினைவூட்டல் அனுப்பலாம் என்று நான்தான் சொன்னேன். முதல் செய்தி மறுநாள், இரண்டாவது சில நாள் கழித்து, மூன்றாவது தள்ளுபடியோடு. கூடையில் முதலில் இருக்கும் பொருளின் பெயரைச் செய்தியே எடுத்துப் போட்டுக்கொள்ளும்படி அமைத்தேன். அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அனுப்பத் தொடங்கியதும் போன் அடிக்க ஆரம்பித்தது. எங்களிடம் போனில் ஆர்டர் எடுக்கும் அக்கா ஒருவர் உண்டு. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, வாங்குனவங்களுக்கே வாங்கு வாங்குன்னு போகுது. பம்பாயில இருந்து ஒருத்தர், 'நேத்துத்தானே சீலா கருவாடு வந்துச்சு, மறுபடியும் எதுக்குக் கூப்பிடுதிய'ன்னு கேக்காரு."

பதிவுகளைத் தோண்டினேன். வயதானவர்கள் பலர் கூடையை நிரப்பிவிட்டு, உப்பு அதிகமா, எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கப் போன் போடுகிறார்கள். பேச்சோடு பேச்சாக அக்காவிடமே ஆர்டரும் சொல்லிவிடுகிறார்கள். அக்கா பதியும் ஆர்டரில் கூடை எண் காலி. என் சேர்ப்பில் அவர்கள் அத்தனை பேரும் ஓடிப்போனவர்கள். பிறகு போன் எண்ணையும் தேதியையும் வைத்துப் பொருத்திப் பார்த்தேன். பத்தில் ஏழு, பத்தில் ஐந்தானது. அதுவும் உத்தேசம்தான். கணவர் எண்ணில் கூடை போட்டு மனைவி எண்ணிலிருந்து அழைத்தால் அது பிடிபடாது.

பிழையைத் திருத்திவிட்டேன் என்ற நிம்மதியில், மிச்சம் இருப்பவர்கள் உண்மையிலேயே விட்டுப்போனவர்கள் என்று நம்பிவிட்டேன். விலை அதிகமான கூடைகளை மேலே வரும்படி அடுக்கினேன். முதலில் நின்றது பக்கத்துக் கடற்கரை ஊரான புன்னைக்காயலில் இருந்து ஒன்று: கல்யாணத்துக்குக் கொடுக்க மக்ரூன் பெட்டிகள், நூற்றுக்கணக்கில். அண்ணாச்சியிடம் காட்டி, "இதக் கொஞ்சம் தள்ளுனா விழுந்துரும்" என்றேன். அந்தக் கூடைக்கு மட்டும் தள்ளுபடியைக் கூட்டினேன்.

மூன்றாவது செய்தி போன அன்று காலையிலேயே அக்கா போனை என்னிடம் நீட்டினார். "மெசேஜ் அனுப்புறவங்ககிட்டதான் பேசுவேன்னு ஒரு பிள்ள சொல்லுது."

மறுமுனையில் இளம்பெண் குரல். "நீங்கதான் அனுப்புறவங்களா?"

"ஆமாம்மா."

"உங்க கூடை காத்திருக்குன்னு வருது. பெட்டி மேல போடச் சொன்ன பேரோட வருது. என் பேரும் அவங்க பேரும். கல்யாணம் நின்னுபோச்சு. மாதா கோயில்ல கல்யாணத்த அறிவிச்சு முதல் ஓலை வாசிச்ச பெறவு நின்னுச்சு. மொதல் மெசேஜ அழிச்சேன், ரெண்டாவதையும் அழிச்சேன். இன்னைக்கி போன் எங்கம்மா கையில இருந்துச்சு."

மன்னிப்புக் கேட்டேன் என்று நினைக்கிறேன். அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. "இனிமே வராதுல்லா?" என்று மட்டும் கேட்டாள். வராது என்றேன். சரி என்று வைத்துவிட்டாள்.

அவள் எண்ணுக்குச் செய்தி போவதை நிறுத்திவிட்டு அந்தக் கூடையைத் திறந்து பார்த்தேன். பொருளின் பெயரோடு இரண்டு பெயர்களும் கல்யாணத் தேதியும் இருந்தன. தேதி தாண்டிப்போயிருந்தது. எல்லாம் என் கண்முன்தான் இருந்தது. நான் பார்த்தது எண்ணையும் விலையையும் மட்டும்.

அண்ணாச்சியிடம் சொன்னபோது அவரும் கலங்கிப்போனார். "ஒரு பெட்டி மக்ரூன் அனுப்பி மன்னிப்புக் கேட்டுருவோம்."

"அந்த வீட்டுக்கா அண்ணாச்சி?" என்றார் அக்கா.

அண்ணாச்சி அந்தப் பேச்சை விட்டுவிட்டார்.

அன்றே நினைவூட்டலை ஒன்றாகக் குறைத்தோம். பொருளின் பெயர் வராது, வேண்டாம் என்றால் ஒரே தட்டலில் நிறுத்தலாம். பெட்டியில் பெயர் அச்சிடும் கூடைகளுக்கு அனுப்புவதே இல்லை. அறிக்கையில் 'கைவிடப்பட்டவை' என்பதை அடித்துவிட்டு 'ஆர்டர் பதிவாகாத கூடைகள்' என்று எழுதினேன்.

"பேர மாத்தினா எல்லாம் ஆச்சா?" என்றார் அண்ணாச்சி. "ஏன் வாங்கலன்னு சொல்லாத நம்பர் எனக்கு எதுக்கு?"

"ஒரே மாதிரி எண்ணிட்டு வந்தா, கூடுதா குறையுதான்னு சொல்லும் அண்ணாச்சி. போன மாசம் பார்சல் செலவ, பணம் கட்டுற பக்கத்துக்கு முன்னாடியே காட்டுனோம், இந்த நம்பர் குறைஞ்சுது. ஆனா அதே மாசம் தீபாவளியும் வந்துச்சு. எதனால குறைஞ்சுதுன்னு அதுக்குத் தெரியாது. தெரியணும்னா, ஒரே சமயத்துல பாதிப் பேருக்கு முன்னாடியும் பாதிப் பேருக்குக் கடைசியிலயும் காட்டிப் பாக்கணும். ஏன்னு கேக்கணும்னா மனுசங்களத்தான் கேக்கணும்."

"கேட்டா சொல்லுவானா?"

"சில பேரு சொல்லமாட்டாங்க. நாமளும் கேக்கக் கூடாது."

அந்தப் பெண்ணின் கூடையை மொத்தத்திலிருந்து எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. காரணம் தெரிந்த கூடைகளை மட்டும் நீக்கினால், மிச்சம் இருப்பவர்களுக்குக் காரணமே இல்லை என்று ஆகிவிடும். அவளும் அதில் ஒருத்தியாக இருக்கிறாள்.

அவள் முகவரி பதிவில் இருந்தது. விடுமுறையில் பஸ் ஏறிப் போய் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரலாமா என்று அக்காவிடம் கேட்டேன். அவர் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினார்.

"போயி என்னன்னு சொல்லுவ? உனக்கு மனசு ஆறணும்னு அந்தப் பிள்ள திரும்பவும் வாசல்ல வந்து நிக்கணுமா?"

நான் போகவில்லை. வாரம் பிறந்ததும் விகிதத்தை எடுத்து அனுப்பும் வேலை இன்னும் என்னுடையதுதான். இந்த வாரம் அது கொஞ்சம் குறைந்திருக்கிறது. அண்ணாச்சி சந்தோஷப்பட்டார். எனக்கு அந்தச் சந்தோஷத்தில் சேர்ந்துகொள்ள முடியவில்லை.