திங்கட்கிழமை வகுப்பு

போச்சம்பள்ளி தொழிற்சாலையில், வேலைக்குப் புதிதாகச் சேருபவர்களுக்கு வரவேற்பு மெயில் அனுப்புவது என் வேலை. கல்லாவி ஊரிலிருந்து சேர்ந்த பையனுக்கும் அனுப்பினேன். கம்பெனி பஸ் காலை ஐந்தரைக்கு வரும், ஆதார் நகல் கொண்டுவா, மோதிரம், கயிறு எதுவும் கையில் இருக்கக் கூடாது, சந்தேகம் வந்தால் ஷிப்ட் சூப்பர்வைசரைக் கூப்பிடு என்று எழுதி, அவருடைய எண்ணும் போட்டேன். திங்கள் முழுக்கப் பாதுகாப்பு வகுப்பு. செவ்வாய் மருத்துவப் பரிசோதனை. புதனிலிருந்துதான் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் பக்கம், அதுவும் சீனியரோடு.

திங்களன்று வெளியூர் கஸ்டமர்கள் வந்து வகுப்பறையை எடுத்துக்கொண்டார்கள். லைனில் ஆள் குறைவு என்று மேனேஜர் அவனை நேராக பிரஸ்ஸில் நிறுத்தினார். எனக்குத் தெரியும். வகுப்பை அப்புறம் நடத்திக்கொள்ளலாம் என்று நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மதியத்துக்குள் அவன் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

மறுநாள் விசாரணைக்கு மேனேஜர் அந்த மெயிலை பிரிண்ட் எடுக்கச் சொன்னார்.

"திங்கக்கெழம டிரெய்னிங்னு தெளிவா இருக்குதில்ல? குடுத்தாச்சுன்னு காட்ட இதே போதும்."

எடுத்துக் கொடுத்தேன். கொடுத்த கையைத்தான் வெட்டியிருக்க வேண்டும்.

சாயங்காலம் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தவன், என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தான்.

"மெயில்ல போட்டிருந்த மாதிரி மோதிரத்தக் கழட்டி வச்சிட்டுத்தான் மேடம் வந்தேன்" என்றான், தப்பு தன்மேல் இல்லை என்று எனக்குப் புரியவைப்பதுபோல.