நாற்பத்தேழாம் தட்டின் விசாரணை

பதுளைப் பாத்திரக் கடைக் கணக்காளர் சிவசக்தி, சரக்கு எண்ணும் நாளைத் தேர்தல் போலவே நடத்தினாள். சாமான் அடுக்கும் ஒவ்வொரு தட்டிலும் ஓர் இலக்கச் சீட்டு குத்தியிருந்தாள். எண்ணியவர் அதில் பாதியைக் கிழித்துக் கொண்டுவர வேண்டும். எண்ணும் தாளில் பழைய தொகை இருக்காது. இருந்தால் அதையே பார்த்து எழுதிவிடுவார்கள்.

போன வருடக் கணக்கிலிருந்த நாற்பத்தெட்டு பிளாஸ்க்கில் பாதியைக் காணோமென்று முதலாளி சந்தேகித்தது, கடையில் எல்லோரும் அண்ணன் முறையில் 'நானா' என்றழைக்கும் களஞ்சியக்காரர் றஹீமை.

முதல் குழு நாற்பத்தேழாம் தட்டில் இருபத்துநான்கு என்று எழுதியது. பின்வழியாக வந்த இரண்டாம் குழு, கிழிந்த சீட்டைக் கண்டு நின்றது.

"போன வருசம் சீட்டு இல்லாம, அவங்க எண்ணின பிறகு நாங்களும் இதத்தானே எண்ணினோம்?" என்றான் அதில் ஒருவன்.

இருபுறமும் திறந்த தட்டு. போன வருடம் அதே இருபத்துநான்கு பிளாஸ்க்குகள் இருமுறை எண்ணப்பட்டிருந்தன.

முதலாளி கனைத்துவிட்டு, நானாவுக்குத் தேநீர் சொன்னார்.

"இனி யாரும் திரும்பச் சந்தேகப்படாம, எனக்கும் ஒரு சீட்டு குத்துங்க தங்கச்சி," என்றார் றஹீம், கண்ணைத் துடைத்தபடி.

"குத்தலாம் நானா. பாதியக் கிழிக்கணுமே," என்றாள் சிவசக்தி.