சுண்டுவிரல் கொண்டுவந்த பென்ஷன்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். பேச்சு எங்கேயாவது திசை மாறினால், "அத்தை, பென்ஷனுக்கு வாங்க" என்று இழுத்துவந்துவிடுவாள்.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தேன். அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் உடம்பில் ஒரு கோடு ஓடும். அதை ஈரப் பஞ்சால் தேய்த்து எடுக்கவேண்டும். ஒருமுறை பேச்சு மும்முரத்தில் ஒரு பிள்ளையாரின் காதையே தேய்த்துவிட்டேன். சரி, பென்ஷனுக்கு வருகிறேன்.

ஐம்பத்தெட்டு வயது முடிந்ததும் கம்பெனி மூலமாக பி.எஃப் பென்ஷனுக்கு விண்ணப்பம் போட்டோம். என் மாத்திரைக்கு மகனிடம் கை நீட்டாமல் இருக்கவேண்டும், அதுதான் என் ஆசை. ஃபாரத்தில் ஐந்து விரல் ரேகைக்கும் தனித்தனிக் கட்டம். எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தேய்ந்த விரல், ஒருமுறை வைத்தால் சரியாகப் பதியாது என்று ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று தடவை அழுத்துவோம். நானும் அழுத்தினேன். நன்றாகக் கறுப்பாக விழுந்தது. எனக்குத் திருப்தி.

மாதம் ஏழு போனது. ஒவ்வொரு மாதமும் பாஸ்புக்கோடு பேங்க்குக்குப் போவேன். "ஒண்ணும் வரலை ஆயா" என்பாள் கவுண்டர் பெண். கம்பெனியில் கேட்டால், "அப்பவே அனுப்பியாச்சே" என்பார்கள். ஏன் வரவில்லை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

பி.எஃப் ஆபீஸ்காரர்கள் மாதம் ஒருமுறை மாவட்டத்துக்கு வந்து உட்கார்ந்து மனு வாங்குவார்கள் என்று மருமகள் கேட்டுவந்தாள். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவரிடம் போனோம். நான் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தேன்.

"ஆயா, உங்க வூட்டுக்காரரு கதை வேணாம். எந்த மாசம் ஃபாரம் குடுத்தீங்க?"

"பொங்கலுக்கு அப்புறம்."

"பி.எஃப் நம்பரு?"

மருமகள் சொன்னாள். அரைப் பக்கத்தில் முடித்துவிட்டார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன்.

"இன்ன தேதியில குடுத்தேன், இன்னும் பென்ஷன் ஆரம்பிக்கலை, காரணத்தைச் சொல்லுங்கன்னு எழுதியிருக்கேன்."

"காலுல விழுந்து கேட்டுக்கிறேன்னு போட்டீங்களா?"

"எதுக்கு? உங்க பென்ஷன்தானே."

ஏழு மாத அலைச்சல் அரைப் பக்கத்துக்குள் அடங்கியதை நினைத்து நினைத்து வழியெல்லாம் வியந்துகொண்டே வந்தேன்.

முகாமில் மனுவை வாங்கி நகலில் சீல் வைத்து, ஒரு நம்பரும் எழுதிக் கொடுத்தார்கள். என் பேருக்கு ஒரு நம்பர். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி அம்மா, என் மகள் வயசுதான் இருக்கும், கம்ப்யூட்டரில் தேடினார்.

"ஃபாரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கு. உங்க கம்பெனி அட்ரஸுக்கு. விரல் ரேகை தெளிவா இல்லைன்னு."

"எங்ககிட்ட யாரும் சொல்லலையே மேடம்" என்றாள் மருமகள்.

"உங்களுக்கும் ஒரு தகவல் போயிருக்கணும். போகலை. அது எங்க பக்கம் தப்புதான்."

ஓர் அதிகாரி தப்பு என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் கம்ப்யூட்டரைத் திருப்பி என் பழைய ஃபாரத்தின் படத்தைக் காட்டினார். ஐந்து கட்டத்திலும் ஐந்து கறுப்புப் பொட்டு. கோடே இல்லை.

"எத்தனை தடவை வச்சீங்க?"

"மூணு. நல்லா விழணும்னு."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதான் கோடு மேல கோடு ஏறி மொத்தமா மை ஆயிடுச்சு. ஒரே தடவை, லேசா வைங்கம்மா."

புது ஃபாரம் எடுத்து அவரே என் கையைப் பிடித்து வைத்தார். கட்டைவிரல் வெறும் நிழல். அடுத்த மூன்றும் அங்கங்கே அறுந்த நூல்கள். முப்பது வருஷப் பஞ்சும் களிமண்ணும் எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போய்விட்டதே, நான்தான் நான் என்று எப்படிக் காட்டுவேன்?

கடைசியாக சுண்டுவிரல். பஞ்சைப் பிடிக்கும்போது அது சும்மா தூக்கிக்கொண்டு நிற்கும். சோம்பேறி விரல் என்று கூட வேலை செய்தவர்கள் கிண்டல் செய்வார்கள். அந்தச் சோம்பேறி விழுந்தது பாருங்கள், சுழி சுழியாக, சங்குக்குள் ஓடுகிற வரி மாதிரி, ஒரு கோடுகூட அறாமல்.

"இது போதும்மா. மத்தது தேஞ்சிருக்குன்னு நான் குறிப்பு எழுதிடறேன். கம்பெனியில கையெழுத்தும் சீலும் வாங்கி அனுப்பிடுங்க."

"சோறு திங்கக்கூட வளையாத விரலு அத்தை இது" என்றாள் மருமகள்.

அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷம் என் கையிலேயே இருந்திருக்கிறது.

கம்பெனியில் கையெழுத்தும் சீலும் வாங்கி அனுப்பினோம். அடுத்த மாதமே பென்ஷன் ஆர்டர் வீட்டுக்கு வந்தது. பிறகு ஒரு நாள் பேங்க்கில் அந்தப் பெண், "ஆயா, வந்துருச்சு, விட்டுப்போன மாசத்துக்கும் சேர்த்து" என்றாள். பாஸ்புக்கை வாங்கி, எந்த வரி என்று கேட்டு, சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன். மாத்திரைக் கடைக்கு அன்றைக்கு நானே போனேன்.