அந்தோணி அண்ணனும் நான்கு பேர் பட்டியலும்

மழை வந்தால் ஊரார் வீட்டுக்குள் போவார்கள், மின்கம்பத்தில் ஏறுகிறவன் வெளியே வருவான். அனுபவித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என்னோடு லைன்மேனாக இருந்த அந்தோணி அண்ணனைக் கடைசியாக உயிரோடு பார்த்ததும் ஒரு மழை நாளில்தான். பாலக்கரை வீட்டில் கட்டிலோடு கிடந்தார். மூச்சு வாங்கியது. விளக்கு ஒருமுறை சிமிட்டியதும் கண் திறந்து, "நம்ம ஆளுங்க எங்கயோ நனையிறானுங்கடா கணேசா" என்றார்.

மெமோ

லைன்மேனை லைன் இன்ஸ்பெக்டராக உயர்த்த, சீனியாரிட்டிப்படி ஒரு பட்டியல் போடுவார்கள். அதைப் பேனல் என்போம். அந்த முறை நான்கு இடம். அண்ணன் எனக்கு மூத்தவர். ஆனால் அவர் கையெழுத்துப் போட்டு எடுத்த கம்பிச் சுருள் ஒன்று வேலையிடத்தில் காணாமல் போய், அவர் மேல் குற்றச்சாட்டு மெமோ இருந்தது. விசாரணை முடியாதவர் பெயரைப் பேனலில் சேர்க்க மாட்டார்கள். அவரைத் தாண்டி நான்காவதாக என் பெயர் வந்தது.

பதவி உயர்வு ஆர்டரோடு அவர் முன்னால் நிற்கக் கூசினேன். அவரே ஆரம்பித்தார்: "வயித்தெரிச்சல் இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன்டா. அதை நான் பாத்துக்கறேன். நீ போய் நாளைக்கு வேலைக்கு ஆள் பிரி."

கல்யாண மண்டபம்

ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்துக்கு எதிரே கம்பி அறுந்துவிட்டது. டிரான்ஸ்பார்மரை நிறுத்திவிட்டோம். முகூர்த்த நேரம், ஆளாளுக்குக் கத்தினார்கள். நான் பதறி, "ஏறுங்கப்பா" என்றேன்.

"ஒரு நிமிஷம் சார்" என்று கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்ன அண்ணன், என் காதருகே வந்து, "எர்த் ராடு மாட்டாம ஏத்துறியா, மடையா?" என்றார். அவரே கம்பிகளையெல்லாம் ஒன்றாகக் கோத்து மண்ணில் இறக்கிக் கட்டினார். ஆள் பாதிக் கம்பம் ஏறியிருப்பான். மண்டபத்தில் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார்கள். எங்கள் லைனைப் பிரித்துவிடும் சுவிட்சு அங்கே இல்லை. மின்சாரம் தலைகீழாக எங்கள் கம்பிக்கு வந்து, ஏறியவனைத் தொடாமல் எர்த் வழியே மண்ணில் இறங்கியது; பொறி பறந்து, ஜெனரேட்டர் உறுமி நின்றது.

மண்டப மேனேஜர் ஓடி வந்தார். "எங்க ஜெனரேட்டரை நாங்க போட்டா உங்க கம்பத்துல ஏன் சார் பொறி பறக்குது?"

மனு

இன்ஜினியர் கேட்டபோது, "எர்த் போட்டுத்தான் சார் ஏறினோம்" என்று மட்டும் சொன்னார் அண்ணன். யார் போட்டது என்று சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

பிறகு மெமோவில் குற்றம் இல்லை என்று முடித்தார்கள். அப்படி முடிந்தால் பழைய பேனலில் பழைய இடத்தைக் கேட்கலாம். கிடைத்தால், கடைசியாக வந்த நான் கீழே இறங்கவும் நேரலாம். அண்ணன் மனு எழுதி என்னிடமே நீட்டினார்.

"உன்னை இறக்க எழுதலடா, என் பேர்ல பட்ட கறையைத் துடைக்க எழுதினேன். நீயே கொண்டு போய்க் குடு."

கொடுத்தேன். பதில் வருமுன் அவர் லைன்மேனாகவே ஓய்வு பெற்றார். அவரோடு கம்பம் ஏறிய எங்கள் பதினோரு பேருக்கும் இன்று இரண்டு கைகளும் இருக்கின்றன.