ஐசக் போட்ட ஐந்து வருஷம்

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் ஐசக் கணக்கப்பிள்ளையாக இருந்தார். ஓய்வு பெறுகிறவர்களுக்குக் கம்பெனி இரண்டு வழி வைத்திருந்தது: சாகும்வரை மாதப் பென்ஷன், அல்லது ஒரேயடியாக மொத்தப் பணம். ஆள் இன்னும் எத்தனை வருஷம் இருப்பான் என்று வைத்துக்கொண்டு, முன்கூட்டியே கொடுப்பதற்கு ஆறு சதவீத வட்டியைக் கழித்து, அந்த மொத்தத்தை ஐசக்தான் போடுவார்.

1949இல் ஓய்வு பெற்ற கங்காணி அழகுமலைக்கு மாதப் பென்ஷன் பத்து ரூபாய் என்றானது.

“மலைக்காய்ச்சல் தின்ன ஒடம்பு. அஞ்சு வருஷம் தாங்குனாப் பெருசு. மொத்தமா வாங்கிக்க,” என்றார் ஐசக்.

ஐந்நூற்றைந்து ரூபாய் வந்தது. மகள் கல்யாணத்தோடு தீர்ந்தது.

1958இல் ஐசக்கின் முறை. மாதம் நாற்பது. கம்பெனி அவருக்கும் அதே ஐந்து வருஷம் போட்டு இரண்டாயிரத்துச் சொச்சம் நீட்டியது. அவரோ தமக்குப் பதினைந்து வருஷம் போட்டுப் பார்த்தார். நாலாயிரத்து அறுநூறைத் தாண்டியது. மாதப் பென்ஷனே போதும் என்று கையெழுத்துப் போட்டார். அவரும் அதே காய்ச்சலில் கிடந்தவர்தான்.

போடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும், பெட்டி தூக்க வந்த கிழவன் அழகுமலை.

“மொத்தமா வாங்கிட்டீகளாய்யா?”

“இல்ல, பென்ஷன்.”

அழகுமலை பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டான்.

“ஒங்களுக்கு எத்தன வருஷம் போட்டீக?”

கூலி எவ்வளவு என்று கேட்டார் ஐசக்.